லிங்க்டினில் சொன்னது, நாகம்மையிடம் சொல்லாதது

ஜெனினுக்கு இருபத்தொன்பது வயது. நாகம்மைக்கு முப்பத்தாறு. ஆனால் அலுவலகத்தில் ஜெனின்தான் டீம் லீட். நாகம்மை சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஜூனியர். எல்லாச் சிக்கலும் இந்த ஏழு வருட வித்தியாசத்தில்தான் தொடங்கியது.

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மொத்தம் இருபத்தாறு பேர். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பார்கள். நோயாளி போனிலேயே டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளலாம். முந்தின நாள் அவருக்கு நினைவூட்டும் செய்தி போகும். டாக்டர் வராவிட்டால் தேதியை மாற்றிக் கொடுக்கலாம். ஜெனினின் டீமில் ஐந்து பேர். அதில் புதியவர்கள் இருவர். கல்லூரி முடித்து நேராக வந்த லிபின் ஒருவன். ஒன்பது வருடம் தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, ஆறு மாத வகுப்புக்குப் போய்ப் படித்து, தேர்வெழுதி உள்ளே வந்த நாகம்மை இன்னொருவர்.

நாகம்மை முதல் வாரம் ஜெனினைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டாள். பிறகு அவளே திருத்திக்கொண்டு ‘ஜெனின்’ என்றாள். ஜெனினுக்கு அப்படித் திருத்திக்கொள்ள முடியவில்லை. அவனுக்கு அவள் முதல் நாளிலிருந்தே அக்காதான். அவன் ஊரான புதுக்கடையில் படித்த பள்ளிக்கூடத்து டீச்சர்களின் சாயல் அவளுக்கு இருந்தது. அவள் சேலையின் மடிப்பைப் பார்த்தாலே அவனுக்கு முதுகு நிமிரும்.

லிபினிடம் அவனால் எதையும் சொல்ல முடிந்தது. “ஏலே, இது என்ன எழுத்து மக்கா, போய் ஒழுங்கா எழுதிட்டு வா” என்பான். லிபினும் சிரித்துக்கொண்டே போய்த் திருத்திவிட்டு வருவான். நாகம்மையிடம் மட்டும் வாய் எழவில்லை.

நாகம்மை உழைப்பாளி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் திங்கட்கிழமை ஒரு வேலையைக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை வரைக்கும் சத்தமே இருக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்புவாள். கணினி நிரல் ஆயிரத்துச் சொச்சம் வரி. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது பொதுவான நிரலோடு சேரும் என்பது அங்கே விதி. படிக்க வேண்டியவன் ஜெனின். அவன் படிப்பான், தவறுகளைப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான். பிறகு, “சூப்பர்க்கா! சின்னதா ஒரு டச்சப் மட்டும் பண்ணிக்கிடுகேன்” என்று எழுதுவான். திங்கட்கிழமை எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, அவனே உட்கார்ந்து நிறைய இடங்களைத் திருத்தி எழுதி, சேர்த்துவிடுவான். நாகம்மைக்கு ‘சேர்க்கப்பட்டது’ என்ற அறிவிப்பு வரும். அவள் மகிழ்ச்சியோடு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தாணுமாலயன் ஜெனினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனியைத் தொடங்கியவர் அவர். பெங்களூரில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்.

“நாகம்மை வேலைக்குச் சேந்து ஆறு மாசம் முடிய இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. நிரந்தரம் ஆக்கலாமா?”

ஜெனின் தயங்கினான்.

“நான் பதிவெல்லாம் பாத்தேன்,” என்றார் தாணுமாலயன். “அவங்க அனுப்பின ஒவ்வொண்ணுலயும் கடைசியா உங்க பேருல பெரிய திருத்தம் கெடக்கு. இது அவங்களுக்குத் தெரியுமா?”

“சொல்லிக்கிட்டுதான் சார் இருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா…”

“கொஞ்சம் கொஞ்சமா சொல்லி அஞ்சு மாசம் போயாச்சு. இன்னைக்கே உக்காந்து பேசுங்க. அன்பா சொல்லுங்க, ஆனா தெளிவா சொல்லுங்க. அவங்களுக்குத் திருத்திக்கிடதுக்கு நேரம் வேண்டாமா?”

“செரி சார்.”

“பிறகு, லிங்க்டின்ல மாசம் ஒரு பதிவு போடணும்னு சொல்லியிருந்தேனே. உங்க பதிவு மட்டும்தான் பாக்கி. தமிழ்லயே எழுதுங்க. நம்ம ஊரு பிள்ளைங்க வாசிக்கட்டும்.”

ஆக அவனுக்கு இரண்டு வேலைகள். அன்று மதியம் நாகம்மையின் மேசைப் பக்கம் மூன்று முறை போனான். முதல் முறை அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, “உள்ளித்தீயல் கொழம்பு இருக்கு, கொஞ்சம் எடுக்கேளா?” என்று கேட்டாள். இரண்டாம் முறை போனில் மகளிடம் வீட்டுப்பாடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை அவள் நிமிர்ந்து பார்த்து, “என்ன ஜெனின்?” என்றாள். “ஒண்ணுமில்லக்கா, ஏசி ரொம்பக் குளிருதான்னு கேட்டேன்,” என்றான்.

சாயங்காலம் புதுக்கடை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல் வேலை நடக்கவில்லை, இரண்டாவதையாவது முடிப்போம் என்று போனை எடுத்தான். தாணுமாலயன் சொன்ன சொற்கள் காதில் இருந்தன. விரல்கள் தானாக ஓடின.

“புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் குறையை எப்படிச் சொல்வது? என் டீமில் ஒருவர் நல்ல உழைப்பாளி. ஆனால் ஒரு வாரம் முழுக்கத் தனியாக வேலை செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயிரத்து நானூறு வரியை மொத்தமாக அனுப்புவார். அதை ஒழுங்காகப் படித்துப் பார்க்க யாராலும் முடியாது. நான் அவரைத் தனியாக அழைத்தேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். ஆளைப் பற்றிப் பேசவில்லை, வேலையைப் பற்றி மட்டும் பேசினேன். எங்கே தவறு, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். இப்போது தினமும் சின்னச் சின்னதாக அனுப்புகிறார். தெளிவாகச் சொல்லாத அன்பு, சொல்கிறவனின் வசதிக்கு மட்டும்தான்.”

தக்கலை தாண்டும்போது ஒரு முறை படித்துப் பார்த்தான். கடைசி வரி அவனுக்கே மிகவும் பிடித்தது. நாளைக்கு எப்படியும் பேசத்தானே போகிறோம், ஒரு நாள் முந்தி எழுதினால் என்ன என்று நினைத்தான். கருங்கல் வருவதற்குள் பதிவைப் போட்டுவிட்டான்.

காலையில் எழுந்து பார்த்தபோது அறுநூறு பேர் அதை விரும்பியிருந்தார்கள். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் ஆயிரத்து ஐநூறு. சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் ‘கண் திறந்தது’ என்று எழுதினார்கள். அவனுடைய பதிவுக்கு அதுவரை கிடைத்த அதிகபட்ச விருப்பம் பதினேழு. அதில் மூன்று அவன் சித்தப்பா மக்கள் போட்டவை.

பதினோரு மணிக்கு ஒரு கருத்து வந்தது. “அருமையான பதிவு. அந்த ஜூனியர் கொடுத்து வைத்தவர்.” எழுதியிருந்தவர் நாகம்மை.

ஜெனின் உடனே போனைக் கவிழ்த்து வைத்தான்.

மதியம் சாப்பிடும் இடத்தில் லிபின் அந்தப் பதிவை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினான். “அண்ணா, யாருண்ணா இந்த ஆளு? நானா? நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கே பந்து களிக்கப் போயிருவேனே. எனக்க மொத்த நிரலும் சேத்தாலே ஆயிரத்து நானூறு வரி வராது!”

எல்லோரும் சிரித்தார்கள். நாகம்மையும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு மெல்ல நின்றது. டப்பாவை மூடிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். ஜெனின் தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அன்று முழுக்க அவள் அவனிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஜெனின் எட்டரை மணிக்கு வந்தபோது, மீட்டிங் அறையில் விளக்கு எரிந்தது. நாகம்மை உள்ளே உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒரு கட்டுத் தாள்.

“உக்காருங்க ஜெனின்.”

அவன் உட்கார்ந்தான். வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கூப்பிடப்பட்டவனைப் போல இருந்தது.

“நான் அனுப்பினதையும் கடைசியா சேந்ததையும் நேத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்,” என்றாள். குரல் உயரவில்லை. “இத்தன நாளும் பாக்காதது எனக்க தப்பு. சேந்தாச்சுன்னு அறிவிப்பு வந்ததும் நான் அடுத்த வேலைக்குப் போயிட்டேன். போன மாசம் அனுப்பினதுல ஒண்ணு ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டு வரி. அதுல முன்னூத்தி எழுபது வரி நீங்க மாத்தியிருக்கீங்க. எனக்கு வந்த கருத்து ரெண்டே ரெண்டு. ஒண்ணு ‘சூப்பர்க்கா’. ரெண்டாவது, ஒரு கைதட்டுத பொம்மை.”

ஜெனின் அந்தத் தாள்களைப் பார்த்தான்.

“ஒம்பது வருஷம் பேப்பர் திருத்தினவ நான். பிள்ளை போட்ட தப்புக் கணக்கை அழிச்சிட்டு, வாத்தியாரே சரியா எழுதி முழு மார்க்கும் போட்டா, பாஸானது யாரு? பிள்ளையா வாத்தியாரா?”

“அக்கா…”

“அந்தப் பதிவுல டீ வாங்கிக் குடுத்து நேரா சொன்னதா எழுதியிருக்கீங்களே. அது என்னைக்கு நடந்துது? எனக்கு ஞாபகம் வரல்ல, அதான் கேக்கேன்.”

ஜெனின் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நடக்கல்லக்கா. மறுநாள் சொல்லலாம்னு நெனச்சு எழுதிட்டேன். சொல்லதுக்குப் பயமா இருந்துது. உங்களுக்கு மனசு நோவும்னு…”

“யாருக்க மனசு?”

அவன் யோசித்தான். பொய் சொல்ல அந்த அறையில் இடமில்லை என்று தெரிந்தது.

“எனக்க மனசுதான். நீங்க முகம் வாடினா எனக்குத் தாங்காதுன்னு பயந்தேன்.”

“முன்பின் தெரியாத நாலாயிரம் பேருக்குச் சொல்லியாச்சு. எனக்கு இன்னும் சொல்லல்ல. செரி, இப்ப சொல்லுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான். இன்னும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகல்ல.”

ஜெனின் தொண்டையைச் செருமினான். “அக்கா, நீங்க நல்ல உழைப்பாளி, உங்க ஈடுபாடு எல்லாருக்கும் தெரியும், ரொம்ப நல்லாத்தான் போயிட்டிருக்கு, ஆனா…”

“ஆனாவுக்கு முந்தி உள்ளதை எல்லாம் வெட்டுங்க.”

 ஜெனின் அவளுடைய தாள்களில் ஒன்றைத் தன் பக்கம் இழுத்தான். அதில் விரலை வைத்ததும் பேசுவது கொஞ்சம் எளிதானது.

“இந்த இடம். டாக்டர் லீவுல போனா நோயாளிக்கு வேற தேதி குடுக்கோம். புதுத் தேதிக்கு நினைவூட்டல் போக நீங்க எழுதியிருக்கீங்க. பழைய நினைவூட்டலை நிறுத்தல்ல. அப்ப அந்த ஆளுக்கு ரெண்டு செய்தி போவும். ஒண்ணுல திங்கள்னு இருக்கும், இன்னொண்ணுல வியாழன்னு இருக்கும். வயசான ஒருத்தரு திங்கக்கிழமை ரெண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டர் இல்லாம திரும்பிப் போவாரு. நான் மாத்தாம இருந்திருந்தா அது நடந்திருக்கும். எல்லாம் சரியா நடந்தா என்ன ஆவும்னு மட்டும்தான் நீங்க சோதிச்சுப் பாக்கீங்க. தப்பா நடந்தா என்ன ஆவும்னு பாக்கல்ல. கடைசியா அனுப்பின மூணு தடவையும் இதே மாதிரிதான்.”

நாகம்மை தாளில் குறித்துக்கொண்டாள்.

“ரெண்டாவது, அளவு. ஆயிரத்து நானூறு வரியை என்னால ஒழுங்காப் படிக்க முடியாது. பாதிக்கு மேல கண்ணு சறுக்கும். இருநூறு வரியா, ஒரு விஷயத்துக்கு ஒண்ணா அனுப்புங்க. முடியாட்டாலும் தினமும் எதாவது அனுப்புங்க. மூணாவது, எங்கயாவது மாட்டிக்கிட்டா ரெண்டு மூணு நாளு யாருட்டயும் கேக்காம இருக்கீங்க.”

“செரி. வேற?”

இதுதான் கடினமானது. அவன் மேசையைப் பார்த்தான். பிறகு வேண்டுமென்றே அவள் முகத்தைப் பார்த்தான்.

“இன்னைக்கு நிலைமையில சார் கேட்டா, நிரந்தரம் ஆக்குங்கன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாதுக்கா. மூணு வாரம்கூட முழுசா இல்ல. அதுக்குள்ள மாத்திக்கிட முடியும்னுதான் நான் நம்புகேன். ஆனா இன்னைக்கு முடியாது. இதை நான் ரெண்டு மாசம் முந்தியே சொல்லியிருக்கணும். சொல்லாதது எனக்க தப்பு.”

நாகம்மை பேனாவை மூடினாள். பள்ளிக்கூட வேலையை விடும்போது அவள் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. முப்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறாளாம் என்று மைத்துனன் கேலி செய்தான். அதெல்லாம் இப்போது ஒன்றாக நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே போனாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போவது ஜெனினுக்குக் கேட்டது.

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. அவன் அந்தத் தாள்களை எண்ணிக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருந்தான். வீட்டுக்கே போய்விட்டாளோ என்று நினைத்தபோது கதவு திறந்தது. நாகம்மையின் கையில் இரண்டு காகிதக் கோப்பைகள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. முகம் கழுவியிருந்தாள்.

“டீ குடுத்துதான் சொன்னேன்னு எழுதியிருந்தீங்கல்லா,” என்று ஒன்றை அவன் முன்னால் வைத்தாள். “அதாச்சும் உண்மையாவட்டு.”

ஜெனினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள்.

“இப்ப எனக்க முறை,” என்றாள் நாகம்மை. “மூணாவதா ஒண்ணு சொன்னீங்களே, கேக்காம இருக்கேன்னு. முதல் வாரம் நான் உங்ககிட்டக் கேட்டேன். ஞாபகம் இருக்கா? நீங்க என்ன செய்தீங்க? ‘விடுங்கக்கா’ன்னு சொல்லி கீபோர்டை வாங்கி, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டுப் போனீங்க. எனக்கு ஒண்ணும் புரியல்ல. ரெண்டாவது தடவையும் அதேதான். பிறகு நான் கேக்கல்ல. கேட்டா வேலை நடக்கும், ஆனா நான் படிக்கமாட்டேன்.”

ஜெனின் வாயருகே கொண்டுபோன கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தான். அவன் அதைச் செய்தது உண்மை. உதவி என்று நினைத்துத்தான் செய்தான்.

“இனிமே கீபோர்டைத் தொடமாட்டேன்,” என்றான்.

“தொடாம, பக்கத்துல இருந்து கேள்வி கேளுங்க. நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்வேன்.”

“செரிக்கா. அந்தப் பதிவை இப்பமே அழிச்சிருகேன்.”

“என்னத்துக்கு அழிக்கணும்? அதுல உள்ள விஷயமெல்லாம் சரிதான். நடந்ததா சொன்னதுதான் தப்பு. திருத்தி எழுதுங்க. போடதுக்கு முந்தி எனக்குக் காட்டுங்க.”

அன்று மதியம் ஜெனின் புதிய பதிவு ஒன்றை எழுதி அவளுக்கு அனுப்பினான். நாகம்மை அதில் நான்கு இடங்களை வெட்டினாள். ‘மனமார்ந்த’, ‘ஆழ்ந்த’ இரண்டும் போயின. மிஞ்சியது இது:

“செவ்வாய்க்கிழமை நான் எழுதியதில் ஒரு பொய் இருந்தது. அந்த உரையாடல் அன்றுவரை நடக்கவில்லை. சம்பந்தப்பட்டவரிடம் சொல்லத் துணிவில்லாமல் உங்களிடம் சொன்னேன். அவர் அதைப் படித்துவிட்டு வந்து கேட்டார். இன்று காலை பேசினோம். டீ வாங்கிக் கொடுத்தது அவர். சொல்வதற்கு நான் பயந்த அளவுக்குக் கேட்பதற்கு அவர் பயப்படவில்லை. அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். உங்கள் டீமைப் பற்றி எழுதும் முன், அதை அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா என்று பாருங்கள்.”

பழைய பதிவின் தலையிலும் இதற்கு ஒரு இணைப்பைப் போட்டான். இந்த முறை விரும்பியவர்கள் முன்னூறு பேர் கூட இல்லை. ‘நம்பி மோசம் போனேன்’ என்று ஒருவர் திட்டினார். திருப்பூரிலிருந்து ஒரு பெண், தானும் ஒருவரிடம் மூன்று மாதமாகச் சொல்லாமல் வைத்திருப்பதாகவும், திங்கட்கிழமை சொல்லிவிடப் போவதாகவும் எழுதினார். தாணுமாலயன் அவனைக் கூப்பிட்டு, “கம்பெனிக்க பேரை பக்கத்துல வச்சுக்கிட்டு, ‘பொய் சொன்னேன்’னு எழுதியாச்சு. கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு!” என்றார். கோபமா கேலியா என்று ஜெனினுக்குப் பிடிபடவில்லை. “அடுத்த தடவை எனக்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. இது கெடக்கட்டும்.”

திங்கட்கிழமையிலிருந்து வேலை நடக்கும் விதமே மாறியது. நாகம்மை காலையிலேயே அன்றைக்கு என்ன செய்யப் போகிறாள் என்று மூன்று வரி எழுதி அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்று அவளிடமிருந்து வந்துவிடும். நூறு வரி, நூற்றைம்பது வரி. ஜெனின் கருத்து எழுதும்போது ஒவ்வொன்றின் தலையிலும் ‘கட்டாயம்’ அல்லது ‘விருப்பம்’ என்று போட்டான். கட்டாயம் என்றால் அதைத் திருத்தாமல் சேர்க்க முடியாது. விருப்பம் என்றால் அவளே முடிவு செய்யலாம். ஏன் கட்டாயம் என்பதற்கு ஒரு காரணம் எழுதுவான். நன்றாக இருக்கும் இடத்தையும் எது நன்றாக இருக்கிறது என்று குறிப்பிட்டுச் சொல்வான். அவனுடைய ‘சூப்பர்’ ஒழிந்தது.

முதல் வாரம் கட்டாயம் பதினெட்டு வந்தது. நாகம்மை ஒவ்வொன்றையும் எண்ணி ஒரு நோட்டில் எழுதினாள். ஒரு நாள் ஒரே இடத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டபோது கோபத்தோடு ஜெனினைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள்.

“இது எனக்கு விளங்கல்ல.”

ஜெனினின் கை தானாக அவள் கீபோர்டை நோக்கி நீண்டது. நாகம்மை அதையே பார்த்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“இந்த நோயாளி ஒரே நாள்ல ரெண்டு டாக்டரைப் பாக்க வாறாருன்னு வச்சுக்கிடுங்க. இது என்ன செய்யும்?”

அவள் திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. “ஒண்ணை… அட, ஒண்ணை விட்டுரும்!” என்று கத்தினாள். லிபின் நாற்காலியோடு சுழன்று திரும்பிப் பார்த்தான்.

இரண்டாம் வாரம் கட்டாயம் ஏழு. அவள் இப்போது நிரல் எழுதும் முன்பே சோதனைகளை எழுதினாள். டாக்டர் லீவு போட்டால், நோயாளி போன் எண்ணை மாற்றினால், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்று வரிசையாக வைத்திருப்பாள். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் சறுக்குவார்கள் என்று யோசித்துத் தாள் தயாரிக்கும் டீச்சர் அவளுக்குள் விழித்துக்கொண்டாள். லிபினே தன் நிரலை அனுப்பும் முன், “அக்கா, இதை எப்படிக் கெடுக்கலாம்னு பாருங்க,” என்று அவளிடம் கொண்டுவர ஆரம்பித்தான்.

மூன்றாம் வாரத்தில் ஒரு ஆஸ்பத்திரி புதிதாக ஒன்று கேட்டது. வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மறந்துபோய்க் காலையில் காப்பி குடித்துவிட்டு வருகிறார்கள். பரிசோதனை அன்று காலை ஐந்து மணிக்கே, ‘இன்று எதுவும் சாப்பிட வேண்டாம்’ என்று செய்தி போக வேண்டும். அவசரம் என்பதால் ஜெனினே எழுதினான். எண்பது வரிதான். படித்துப் பார்க்க நாகம்மைக்கு அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் சரி என்று வந்துவிடும் என்று நினைத்தான்.

வந்தது இது:

“கட்டாயம். ‘இன்று’ என்பதை நம் சர்வரின் தேதியிலிருந்து எடுக்கிறீர்கள். சர்வர் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை ஐந்து மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு பதினொன்றரை. அதனால் செய்தி நேற்று வந்துபோனவர்களுக்குப் போகும். இன்று வர வேண்டியவர்களுக்குப் போகாது. பகலில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது, அதனால் விட்டுப்போயிருக்கும். காலை ஐந்து மணிக்கான சோதனை ஒன்றை எழுதி இணைத்திருக்கிறேன். உங்கள் நிரல் அதில் தோற்கிறது. இந்திய நேரத்தில் தேதியை எடுத்தால் போதும். செய்தியின் வாசகம் சுருக்கமாக, வயசானவர்களுக்கும் புரிகிற மாதிரி இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.”

ஜெனின் அதை இரண்டு முறை படித்தான். சோதனையை ஓட்டினான். தோல்வி என்று சிவப்பாக வந்தது. முந்தின நாள் பரிசோதனை முடித்தவர்கள், மறுநாள் காலையில் பட்டினி கிடப்பதை நினைத்துப் பார்த்தான். தலையில் கைவைத்தான். பிறகு எழுந்து நின்று, மொத்த அலுவலகத்துக்கும் கேட்கும்படி, “எக்கா! பிடிச்சிட்டீங்களே!” என்று கத்தினான்.

“எதுக்கு இந்தச் சத்தம்?” என்று நாகம்மை திரும்பினாள். முகத்தில் சிரிப்பை மறைக்க அவள் கஷ்டப்பட்டாள். “திருத்தி அனுப்புங்க, பாக்கேன்.”

“நான் எழுதினதுல இப்படி ஒரு கட்டாயம் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு,” என்றான் அவன். அவமானப்பட்டவனைப் போல அவன் இல்லவே இல்லை. பரிசு வாங்கியவனைப் போல அந்தக் கருத்தை லிபினுக்கும் மற்றவர்களுக்கும் காட்டிக்கொண்டிருந்தான். “இதைப் பாருலே. என்ன தப்பு, யாருக்குப் பாதிப்பு, எப்படித் திருத்தணும். இப்படித்தாம்லே எழுதணும்.”

ஆறு மாதம் முடியும் நாளில் தாணுமாலயன் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். ஜெனின் எழுதிக் கொடுத்திருந்த ஒரு பக்கத்தை அவர் வாசித்தார். அதில் முதல் ஐந்து மாதத்தின் குறைகள் இருந்தன. அவற்றை அவளிடம் தாமதமாகச் சொன்னது தன் தவறு என்பதும் இருந்தது. கடைசி மூன்று வாரத்தில் மாறியவை தேதியோடு இருந்தன. இன்னும் தேற வேண்டியது என்று, ஒரு வேலைக்கு எத்தனை நாளாகும் என்று கணிப்பதைப் பற்றி ஒரு வரியும் இருந்தது.

“இதுல உங்களுக்குத் தெரியாத விஷயம் எதாவது இருக்கா?” என்று தாணுமாலயன் நாகம்மையிடம் கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார். எல்லாம் முகத்துக்கு நேரா கேட்டாச்சு.”

“அப்ப செரி,” என்று கையெழுத்துப் போட்டார். “நிரந்தரம். பிறகு ஒண்ணு, அடுத்த மாசம் நாலு புதுப் பிள்ளைக வருதாங்க. அவங்களுக்க நிரலை நீங்களும் படிக்கணும்.”

நாகம்மை எழுந்து நின்றுவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். சாயங்காலம் தெருமுனை டீக்கடையிலிருந்து லிபின் நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி சூடாக வாங்கி வந்தான். எண்ணெய்க் கையோடு எல்லோரும் அவளுக்குக் கை கொடுத்தார்கள். அவள் மகளுக்குப் போன் போட்டாள்; மகள் மறுமுனையில் கூச்சலிட்டது போனை எடுத்துத் தள்ளிப் பிடிக்கும் அளவுக்கு இருந்தது.

மறுநாள்தான் அந்தக் காலை ஐந்து மணிச் செய்தி முதன்முதலாகப் போக வேண்டும்.

ஜெனின் நாலே முக்காலுக்கு எழுந்து புதுக்கடை வீட்டு முற்றத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தான். தென்னைகளுக்கு மேலே வானம் இன்னும் வெளுக்கவில்லை. சர்ச்சிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. ஐந்தேகால் ஆனதும் போன் அடித்தது. நாகம்மை. அவள் பேச்சுக்குப் பின்னால் வடசேரிச் சந்தையில் லாரியிலிருந்து காய் மூட்டை இறக்கும் கூப்பாடு கேட்டது. அவள் வீடு அதை ஒட்டித்தான்.

“போயாச்சு தம்பி!” என்றாள். “நூத்தி நாலு பேரு. பட்டியலை ஒவ்வொண்ணாப் பாத்துட்டேன். எல்லாரும் இன்னைக்கு உள்ள ஆளுதான்!”

“ஒருத்தரு கூட நேத்தைக்கு உள்ளவரு இல்லியே?”

“ஒருத்தரும் இல்ல. ஒரு அம்மா பதில்கூட அனுப்பியிருக்காங்க.”

“என்னன்னு?”

நாகம்மைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. “‘செரி மக்கா, காப்பி அடுப்புல கெடக்கு, எறக்கி வச்சிட்டேன்’னு!”

ஜெனின் சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழி பயந்து சுவர்மேல் ஏறியது. உள்ளே இருந்து அம்மா, “யாருலே இந்நேரத்துல?” என்று கேட்டார். அவன் பதில் சொல்லும் நிலையில் இல்லை.